கன்னட வணிக மின்னஞ்சலைத் தமிழாக்குவதில் பன்மை, மதிப்புப் பதிலிடுபெயர்த் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் தன்மைப் பன்மைப் பெயர் இரண்டு: கேட்போரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', கேட்போரை விலக்கும் 'நாங்கள்'. இன்றைய கன்னடத்தில் இவ்விரண்டிற்கும் 'நாவு' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. படர்க்கையில் கன்னட 'அவரு' ஒருவரை மதிப்புடன் சுட்டுவதற்கும் பலரைச் சுட்டுவதற்கும் பொதுவாக நிற்க, தமிழ் 'அவர்', 'அவர்கள்' என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆகவே கன்னட மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொல்லியாக வேண்டிய நிலை எழுகிறது. சரக்கு வழங்குநருக்கு எழுதப்படும் மடலில் இத்தேர்வு செலவுப் பொறுப்பையும் உடன்பாட்டையும் மாற்றிவிடக் கூடியது. மாதிரி மடல் ஒன்றைத் தொடர்தொடராக ஆராய்ந்து, தேர்வுக்கான சான்றுகளை எங்குத் தேடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, விலக்குத் தன்மைப் பன்மை, மதிப்புப் பன்மை, நாவு, தாவு, வணிக மொழிபெயர்ப்பு.

முன்னுரை

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலகங்களுக்கும் திருப்பூரின் பின்னலாடைத் துணி வழங்குநர்களுக்கும் இடையே நடக்கும் மடல் போக்குவரத்தில், கன்னடத்தில் எழுதப்பெற்றதைத் தமிழாக்க வேண்டிய தேவை நேர்வதுண்டு. இரண்டும் தென்திராவிட மொழிகள். தொடரமைப்பு ஏறத்தாழ ஒன்றே. கலைச்சொற்கள் பல பொதுவானவை. இந்த நெருக்கமே மொழிபெயர்ப்பாளரின் விழிப்பைக் குறைக்கிறது. குறிப்பாக, கன்னட 'நம்ம' என்னும் வேற்றுமை வடிவம் தமிழ்ப் பேச்சுவழக்கின் 'நம்ம' என்பதோடு ஒலியால் ஒன்றியிருப்பதால், அதனை 'நம்' என்று எழுத்துவழக்கிற்கு மாற்றிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வது எளிதாகிறது. ஆனால் கன்னட 'நம்ம' என்பதன் பொருள் 'நம்' ஆகவும் இருக்கலாம், 'எங்கள்' ஆகவும் இருக்கலாம்.

பெங்களூர் மெட்ரோ தொடர்வண்டியின் 'நம்ம மெட்ரோ' என்னும் பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழர் ஒருவர் அதைப் படிக்கும்போது 'உங்களுக்கும் உரியது' என்னும் அழைப்பு அதில் தானாகவே கேட்கிறது. கன்னட வடிவமோ அந்த அழைப்பைச் சொல்லளவில் உறுதிப்படுத்துவதில்லை. சூழலே அதைத் தருகிறது. பெயர்ப்பலகையில் இவ்வேறுபாடு இடர் விளைவிப்பதில்லை. செலவை யார் ஏற்பது என்று கூறும் மடலில் அது இடர் விளைவிக்கும்.

கீழே ஆராயப்படும் மடல் இவ்வாய்வுக்கென அமைக்கப்பட்ட மாதிரி. கன்னடத் தொடர்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன; ஒலிப்புடை மெய்களின் வேறுபாடு இவ்வெழுத்தில் தோன்றாது.

இரு மொழிகளின் பதிலிடுபெயர் அமைப்பு

தன்மைப் பன்மையின் இருவகைப் பாகுபாடு திராவிட மொழிகளின் பழைமையான கூறு. பழந்தமிழில் அது 'யாம்', 'நாம்' என விளங்கியது. இன்று 'நாங்கள்', 'நாம்' என நிற்கிறது. தெலுங்கில் 'மேமு', 'மனமு' எனவும், மலையாளத்தில் 'ஞங்ஙள்', 'நம்மள்' எனவும் அது நிலைத்துள்ளது. கருநாடகத்தின் கடற்கரைப் பகுதியில் வழங்கும் துளுவிலும் இப்பாகுபாடு உண்டு. இன்றைய கன்னடம் மட்டும் இவற்றினின்று விலகி 'நாவு' என்னும் ஒன்றையே கொண்டுள்ளது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே தன்மைப் பன்மையின் இவ்விரட்டை வடிவம் ஆராயப்பட்டுள்ளது.

ஒருவரைப் பன்மையால் கூறும் மதிப்பு வழக்கு இரு மொழிக்கும் பொது. அதனை இலக்கண நெறியாகக் கொள்ளாது, வழக்கினால் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் அமைத்துக்கொண்டார். அவ்வழக்கு பரவியபின், பன்மையை மதிப்பினின்று பிரித்துக் காட்டத் தமிழ் 'கள்' ஈற்றைத் துணைக்கொண்டது: 'அவர்' ஒருவர்க்கும், 'அவர்கள்' பலர்க்கும் ஆயின. கன்னடம் படர்க்கையில் இப்பிரிவை ஏற்படுத்தவில்லை. 'அவரு பந்தரு' என்னும் தொடர் 'அவர் வந்தார்' என்றும் 'அவர்கள் வந்தார்கள்' என்றும் பொருள்படும்.

முன்னிலையில் நிலைமை வேறு. கன்னட 'நீவு' மதிப்பொருமைக்கும் பன்மைக்கும் பொது. தமிழ் 'நீங்கள்' என்பதும் அவ்வாறே. மடல் நிறுவனத்தின் உரிமையாளர் ஒருவரை நோக்கியதா, நிறுவனத்தார் அனைவரையும் நோக்கியதா என்னும் ஐயத்தை மொழிபெயர்ப்பாளர் தீர்க்க வேண்டியதில்லை. அது அப்படியே தமிழுக்கு வந்துவிடுகிறது. ஆகவே சிக்கலின் நடுவிடம் தன்மையும் படர்க்கையுமே. முன்னிலையில் எஞ்சுவது 'தாவு' என்னும் உயர் மதிப்பு வடிவம் மட்டும்.

மாதிரி மடல்

பெங்களூர் ஆடைத் தொழிலகம் ஒன்று திருப்பூர் வழங்குநரிடமிருந்து பின்னல் துணி பெற்றுள்ளது. வந்த ரோல்களுள் மூன்றில் நிறம் மாறுபட்டுள்ளது. கொள்முதல் அலுவலர் எழுதுகிறார்:

(1) மான்யரே, தாவு களுஹிசித பட்டெ நமகெ தலுபிதெ.
(2) நம்ம பரிசீலகரு மூரு ரோலுகளல்லி பண்ணத வ்யத்யாசவன்னு கண்டித்தாரெ.
(3) அவரு தம்ம வரதியன்னு இதரொந்திகெ லகத்திசித்தாரெ.
(4) களெத திங்களு நாவு தூரவாணியல்லி மாதநாடிதந்தெ ஈ ரோலுகளன்னு பதலாயிசி கொடபேகாகி வினந்தி.
(5) ஹிந்திருகிசுவ சாகணெ வெச்சவன்னு நாவு கொடுத்தேவெ.
(6) முந்தின திங்களு நம்ம லெக்ககளன்னு சரிபடிசிகொள்ளோண.

'வரதி' என்பது அறிக்கை. 'லகத்திசு' என்பது இணைத்தல். 'சாகணெ வெச்ச' என்பது போக்குவரத்துச் செலவு. 'முந்தின திங்களு' என்பது கன்னடத்தில் அடுத்த மாதத்தைக் குறிக்கும். தமிழ்க் காதிற்குக் கடந்த மாதமாகக் கேட்கும். இது பதிலிடுபெயர்ச் சிக்கல் அன்றெனினும், ஒலியொப்புமை தரும் ஏமாற்றம் எத்தகையது என்பதை உணர்த்தும்.

தன்மைப் பன்மை: நாமா, நாங்களா?

இம்மடலில் தன்மைப் பன்மை ஐந்து இடங்களில் வெளிப்படையாக வருகிறது: நமகெ (1), நம்ம (2), நாவு (4), நாவு (5), நம்ம (6). இவற்றை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தால் ஏதேனும் ஓரிடத்தில் பொருள் பிறழ்வது உறுதி.

முதல் இரண்டும் எளியன. தொடர் (1)-இல் 'தாவு' அனுப்புநராகவும் 'நமகெ' பெறுநராகவும் எதிரெதிரே நிற்கின்றன. ஒரே தொடரில் முன்னிலை தனியாகவும், செயலின் மறுபக்கமாகவும் வருமாயின், அங்குள்ள தன்மைப் பன்மை முன்னிலையை உட்கொள்ள இயலாது. எனவே 'எங்களுக்கு' என்பதே சரி. தொடர் (2)-இல் ஆய்வாளர் வாங்குநரின் பணியாளர். துணி வழங்கியவர்க்கு அவர் உரியவர் அல்லர். இங்கு 'நம் ஆய்வாளர்' என்று எழுதினால், இரு தரப்பும் சேர்ந்து அமர்த்திய பொது ஆய்வாளர் என்னும் பொருள் பிறக்கும். நிறவேறுபாடு உண்டா இல்லையா என்னும் வழக்கு எழுமாயின், பொது ஆய்வாளரின் முடிவு வழங்குநரையும் கட்டுப்படுத்தும். வாங்குநரின் ஆய்வாளர் முடிவு ஒரு தரப்பின் கூற்று மட்டுமே. ஆகவே 'எங்கள்'.

தொடர் (4) வேறு வகையது. 'நாவு தூரவாணியல்லி மாதநாடிதந்தெ' என்பதில் யாரோடு பேசியது என்பது கூறப்படவில்லை. 'நிம்மொந்திகெ', அதாவது 'உங்களோடு' என்னும் சொல் இருந்திருப்பின், மேற்கூறிய நெறிப்படி 'நாங்கள் உங்களோடு பேசியபடி' என ஆகியிருக்கும். அச்சொல் இல்லாமையாலும், பேசியதை வழங்குநருக்கு நினைவூட்டுவதாலும், அவரும் உரையாடலில் பங்குகொண்டவர் என்றே கொள்ள வேண்டும். 'நாம் பேசியபடி' என்பதே பொருந்தும். 'நாங்கள் பேசியபடி' என்றால், வாங்குநரின் அலுவலகத்தார் தமக்குள் பேசிக்கொண்டது என ஆகிவிடும். 'நாம் பேசியபடி' என்பது இருவர் உடன்பாட்டையும், 'நாங்கள் உங்களிடம் சொன்னபடி' என்பது ஒருவர் அறிவிப்பையும் சுட்டுவதால், இத்தேர்வில் மாற்றித் தரும் கடமையின் அடிப்படையே அடங்கியுள்ளது. அவ்வுரையாடலில் உடன்பாடு எட்டப்பட்டதா என்பதை மடலெழுதியவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது மொழிபெயர்ப்பாளரின் பணியில் அடங்கும்.

தொடர் (5) மடலின் உயிர்நிலை. 'சாகணெ வெச்சவன்னு நாவு கொடுத்தேவெ' என்பதை 'போக்குவரத்துச் செலவை நாம் கொடுப்போம்' என்று பெயர்த்தால், செலவை இரு தரப்பும் பகிர்வதாக வழங்குநர் கொள்வார். அப்படிக் கொள்வதில் அவர்மீது தவறில்லை. மூலத்தின் கருத்து வாங்குநரே முழுச் செலவையும் ஏற்பது. 'நாங்கள் ஏற்கிறோம்' என்றால்தான் அது வெளிப்படும்.

பதிலிடுபெயரை அறவே விட்டுவிடுவது மொழிபெயர்ப்பாளர்கள் கையாளும் மற்றொரு வழி. தமிழ் வினைமுற்றின் '-ஓம்' ஈறு நாம், நாங்கள் இரண்டிற்கும் பொதுவாகையால், எழுவாயை நீக்கினால் கன்னடத்தின் பொதுமை தமிழிலும் அப்படியே கிடைக்கும். 'கேட்டுக்கொள்கிறோம்' போன்ற முற்றுகளில் இது தீங்கற்றது. கேட்பவர் யார் என்பதில் ஐயம் எழாது. ஆனால் 'செலவைக் கொடுப்போம்' என்று பொறுப்பேற்கும் தொடரில் இவ்வழி கூடாது. எதிர்கால '-வோம், -ப்போம்' முற்று, சேர்ந்து செய்ய அழைக்கும் பொருளிலும் தமிழில் வழங்குவதால், எழுவாயில்லாத 'கொடுப்போம்' என்பது 'வாருங்கள், சேர்ந்து கொடுப்போம்' என்னும் சாயலை எளிதில் பெற்றுவிடும். ஆகவே பணமும் பொறுப்பும் பற்றிய தொடர்களில் எழுவாய் வெளிப்பட்டு நிற்க வேண்டும். பிற இடங்களில் அதை விடலாம்.

தொடர் (6)-இல் கன்னடமே ஒரு குறிப்பைத் தருகிறது. பதிலிடுபெயரில் இழந்த பாகுபாட்டைக் கன்னடம் ஒரு வினைவடிவத்தில் காட்டுகிறது. '-ஓண' என்னும் ஈறு 'சேர்ந்து செய்வோம்' என்னும் அழைப்புப் பொருளது. அது கேட்போரை உட்கொள்வது. 'சரிபடிசிகொள்ளோண' என்று முடிந்தமையால் அதன் முன்னுள்ள 'நம்ம லெக்ககளு' இருவர் கணக்குகளே என்று தெளியலாம். தமிழிலோ இதற்கு நேர்மாறான நிலை: வினை பாகுபாட்டைக் காட்டாது, பெயர் காட்டும். எனவே கன்னட வினையில் உள்ள உளப்பாட்டைத் தமிழில் பெயருக்கு மாற்ற வேண்டும்: 'நாம் நம் கணக்குகளைச் சரிசெய்துகொள்வோம்'. இங்கு 'சரிசெய்துகொள்ளலாம்' என்று எழுதுவது இயல்பாகத் தோன்றினும் ஏற்றதன்று. '-லாம்' ஈறு எவ்விடத்திற்கும் பொதுவாகையால், 'நீங்களே சரிசெய்துகொள்ளலாம்' என்று வழங்குநருக்கு அளித்த இசைவாகவும் அது படிக்கப்படும்.

முன்னிலை: தாவும் தம்மவும்

மூலம் 'நீவு' என்னாது 'தாவு' என்கிறது. தமிழில் இதற்கு ஒத்தது 'தாங்கள்'. இரண்டும் தற்சுட்டுப் பெயரினின்று முன்னிலை மதிப்புக்கு வந்தவை. இரண்டிலும் பழைய பொருள் இன்னும் வாழ்கிறது. கன்னட 'தம்ம' என்பது 'தங்கள்' என முன்னிலையையும், 'தம்' என எழுவாய்க்கு உரியதையும் குறிக்கும்.

தொடர் (3)-இல் இந்த இருபொருள்மை வெளிப்படுகிறது. 'அவரு தம்ம வரதியன்னு' என்பது 'அவர் தம் அறிக்கையை' இணைத்துள்ளார் என்பதா, 'அவர் தங்கள் (வழங்குநரின்) அறிக்கையை' இணைத்துள்ளார் என்பதா? வழங்குநர் துணியோடு அனுப்பிய சோதனை அறிக்கையை ஒப்பீட்டிற்காகத் திருப்பி இணைப்பதும் நடைமுறையில் உள்ளதே. எழுவாய் 'அவரு' அருகில் நிற்பதால் முதற்பொருள் வலிமையுடையது. ஆயினும் தொடர் (1)-இல் 'தாவு' வந்திருப்பது இரண்டாவதற்கும் இடந்தருகிறது. இதைத் தீர்ப்பது இலக்கணம் அன்று, இணைப்புக் கோப்பு. அறிக்கையின் தலைப்பில் எந்நிறுவனத்தின் பெயர் உள்ளது என்று பார்த்தால் ஐயம் நீங்கும். நம் மாதிரியில் அது வாங்குநரின் ஆய்வறிக்கை என்று கொள்வோம்.

இப்போது தமிழில் 'தங்கள் அறிக்கையை' என்று எழுதினால், கன்னடத்தில் இருந்த ஐயம் நீங்குவதற்கு மாறாகத் தவறான பக்கம் சாய்ந்துவிடும். முன்னிலைக்குத் 'தாங்கள்' என்று தொடங்கிய மடலில் 'தங்கள்' என்பது வாசிப்பவரையே சுட்டும். ஆகவே முன்னிலைக்குத் 'தங்கள்', தற்சுட்டுக்குத் 'தம்' எனப் பிரித்துக் கையாள வேண்டும். 'நீங்கள், உங்கள்' என்று மடல் முழுவதும் எழுதினாலும் இவ்வையம் எழாது. ஆனால் மூலத்தின் மதிப்பு ஒரு படி குறையும். எதைத் தேர்ந்தாலும் இறுதிவரை அதுவே நிற்க வேண்டும். 'தாங்கள்' என்று தொடங்கி 'உங்கள்' என்று முடியும் மடல், மதிப்பை இடையில் திரும்பப் பெற்றதாகத் தோன்றும். நிறைவில்லாச் சரக்கைச் சுட்டிக்காட்டும் மடலில் அத்தோற்றம் சினமாகவே படிக்கப்படும்.

விளியிலும் ஒரு நுட்பம் உண்டு. 'மான்யரே' ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. அதனை 'ஐயா' என்று பெயர்ப்பது மூலத்தில் இல்லாத பாலைச் சேர்ப்பதாகும். 'மதிப்பிற்குரியீர்' என்பது பொதுமையைக் காக்கும்.

படர்க்கை: எத்தனை ஆய்வாளர்?

'பரிசீலகரு... கண்டித்தாரெ' என்பதில் ஆய்வாளர் ஒருவரா, பலரா? கன்னடப் பெயர் ஈறும் வினையீறும் இரண்டிற்கும் இடந்தருகின்றன. தமிழில் 'ஆய்வாளர் கண்டுள்ளார்' அல்லது 'ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்' என்றுதான் எழுத முடியும். ஒருவர் கண்டதைப் பலர் கண்டதாக எழுதுவது சான்றின் வலிமையை மிகுத்துக் கூறுவதாகும். இங்கும் இணைப்பே துணை: அறிக்கையில் கையொப்பம் ஒன்றா, பலவா என்று பார்க்க வேண்டும். ஒன்றே என்று கொண்டால் 'ஆய்வாளர்... அவர்' என ஆகும்.

இணைப்பு கிடைக்காமலும் மடலெழுதியவரைக் கேட்க இயலாமலும் போகுமாயின், 'எங்கள் ஆய்வுப் பிரிவு கண்டறிந்துள்ளது' என்று அஃறிணையால் கூறி எண்ணிக்கையைத் தவிர்க்கலாம். ஆனால் இது விலையின்றிக் கிடைப்பதன்று. ஆள் ஒருவரின் கூற்று துறையின் கூற்றாக மாறிவிடுகிறது. இறுதி வழியாக மட்டுமே இதனைக் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் இங்குக் குறிக்க வேண்டும். கன்னடத்தில் பதவிப்பெயரின்பின் 'அவரு' என்று சேர்ப்பது பரவலான மதிப்பு வழக்கு: 'மேனேஜர் அவரு'. இதனைச் சொல்லுக்குச் சொல் 'மேலாளர் அவர்' எனல் தமிழ் மரபன்று. தமிழில் 'மேலாளர் அவர்கள்' என்னும் உயர் வடிவமோ, 'மேலாளர்' என்று கூறி வினையில் '-ஆர்' ஈறு தருவதோ வழக்கு. வழங்குநரின் மேலாளரைச் சுட்டுகையில் 'அவர்கள்' பொருந்தும். மடலெழுதுவோரின் சொந்தப் பணியாளரை வெளியாரிடம் சுட்டுகையில் '-ஆர்' ஈறே போதுமானது.

பெயர்ப்பும் சரிபார்ப்பும்

மேற்கண்ட முடிவுகளின்படி மடல் தமிழில் இவ்வாறு அமையும்:

மதிப்பிற்குரியீர், தாங்கள் அனுப்பிய துணி எங்களுக்கு வந்து சேர்ந்துள்ளது. எங்கள் ஆய்வாளர் மூன்று ரோல்களில் நிற வேறுபாட்டைக் கண்டுள்ளார். அவர் தம் அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளார். சென்ற மாதம் நாம் தொலைபேசியில் பேசியபடி இந்த ரோல்களை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இவற்றைத் திருப்பி அனுப்பும் போக்குவரத்துச் செலவை நாங்கள் ஏற்கிறோம். அடுத்த மாதம் நாம் நம் கணக்குகளைச் சரிசெய்துகொள்வோம்.

முடித்தபின் ஒரு சரிபார்ப்புச் செய்வது நலம். 'நாம்' வரும் இடந்தோறும் 'நீங்களும் நாங்களும்' என்றும், 'நாங்கள்' வரும் இடந்தோறும் 'நீங்கள் நீங்கலாக நாங்கள்' என்றும் வைத்துப் படிக்க வேண்டும். 'நீங்களும் நாங்களும் தொலைபேசியில் பேசியபடி' என்பது பொருந்துகிறது. 'நீங்களும் நாங்களும் செலவை ஏற்கிறோம்' என்று வைத்தால், மூலத்தோடு முரண்படுவது உடனே புலனாகிறது. வேகமாகப் படிக்கையில் 'நாம்' என்பதன் மென்மையில் மறைந்துவிடும் பிழை, இவ்விரிவில் மறைய இடமில்லை.

இம்மென்மை பற்றி ஒரு சொல். 'எங்கள்' என்பது வாசிப்பவரை வெளியே நிறுத்துவதால், நல்லுறவை விரும்பும் மொழிபெயர்ப்பாளர் 'நம்' என்பதை நாடுவது இயல்பு. பேச்சுத்தமிழில் 'நம்ம கடை' என்று வாடிக்கையாளரிடம் கூறும் வழக்கும் அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் அந்த நெருக்கத்தைத் தர வேண்டிய இடம் விளியும் வேண்டுகோள் வடிவமும் ஆகும். உரிமையையும் கடனையும் வரையறுக்கும் பதிலிடுபெயர் அன்று.

முடிவுரை

கன்னட 'நாவு', 'நம்ம' ஆகியவற்றைத் தமிழாக்குகையில் 'நாங்கள், எங்கள்' என்பதையே தொடக்க நிலையாகக் கொண்டு, உடன்பேச்சு, இருவர் கணக்கு, '-ஓண' ஈறு போன்ற சான்று கிடைத்தவிடத்து மட்டும் 'நாம், நம்' என்பதற்கு மாறுவது பாதுகாப்பான நெறி. இவ்வாறு கொள்வதற்குக் காரணம் உண்டு. விலக்க வேண்டாத இடத்தில் 'நாங்கள்' என்றால் நேர்வது பெரும்பாலும் நடைக்குறை. அங்கும் தொடர் (4) போன்றவை விதிவிலக்காகும். விலக்க வேண்டிய இடத்தில் 'நாம்' என்றாலோ வாசிப்பவர்மீது இல்லாத கடன் ஏற்றப்படுகிறது, அல்லது எழுதியவர் கொடாத பங்கு அவருக்குக் கொடுக்கப்படுகிறது. படர்க்கை எண்ணும் 'தம்ம' என்பதன் உரிமையும் மடலின் இணைப்புகளால் தெளியும். இவற்றாலும் தெளியாதவை உண்டு. அவற்றைத் தீர்க்க வல்லவர் மடலெழுதியவர் ஒருவரே. அவரிடம் கேட்க வேண்டிய வினா எது என்பதைத் துல்லியமாக அறிந்திருப்பதே இங்கு மொழிபெயர்ப்பாளரின் இலக்கண அறிவாகும்.